பதினாறாம் நாளில் பாட்டில் வேண்டாம்

துக்க வீட்டின் குடும்பக் குழுவில் அனுப்பப்படும் எட்டு வரிச் செய்தி. கோலார் தங்கவயலில் அதை எழுதுவது சுலபமில்லை. எழுதிய பிறகு நிலைநிறுத்துவது இன்னும் கடினம்.

சாவு வீட்டில் அழுகை ஓய்ந்த மூன்றாம் நாளே அடுத்த கவலை ஆரம்பித்துவிடுகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், சமையலுக்கு யார், பந்தல் எத்தனை அடி என்று பேச்சு போகும். ஒரு கட்டத்தில் பங்காளிகளில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "மற்ற ஏற்பாடு?" என்று கேட்பார். எந்த ஏற்பாடு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

வட தமிழகத்தின் பல சமூகங்களில் துக்கத்தை முடித்துவைப்பது கறிச்சோறு. அதோடு மதுவும் சேர்ந்துகொண்டது. பங்காளிகளுக்குச் சம்பந்தி வீட்டார் செய்ய வேண்டிய மரியாதை என்று சில குடும்பங்களில் அது கணக்கிலேயே வந்துவிட்டது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பங்கள் தங்கள் சடங்குகளையும் தங்கவயலுக்குக் கூடவே கொண்டுபோயின. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றிய பிறகு உருவான தொழிலாளர் 'லைன்'களில் நாலைந்து தலைமுறைகளாக அந்தச் சடங்குகள் தமிழிலேயே நடந்துவருகின்றன.

இப்போது அதே குடும்பங்களில் சிலர், பெரும்பாலும் பெண்கள், வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்கள்: காரியத்தன்று மது வேண்டாம். வேண்டுகோள் புதிதாகத் தோன்றலாம். தங்கவயலில் அது புதிதல்ல.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பே

சாம்பியன் ரீப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எப்போது பாறை வெடித்துச் சரியும் என்று சொல்ல முடியாது. அங்கே எட்டு மணி நேரம் இருந்துவிட்டு மேலே வருகிறவனுக்கு வாசலிலேயே சாராயக் கடை இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உடம்பு வலிக்குக் குடித்தார்கள். கூட்டாளி செத்தால் அந்தத் துக்கத்துக்கும் குடித்தார்கள்.

அதே லைன்களில் அதற்கு நேர் எதிரான ஒரு மரபும் வளர்ந்தது. பண்டிதர் அயோத்திதாசர் (1845-1914) 1898-இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள்தான் அதன் உறுப்பினர்கள். பஞ்ச சீலத்தின் ஐந்தாவது சீலம் மதியை மயக்கும் பானங்களை விலக்குவது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பழைய சடங்குகளை விட்டுத் தங்களுக்கென்று முறை வகுத்துக்கொண்டவர்கள் இவர்கள். அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய வாரப் பத்திரிகையான 'தமிழன்' அவர் மறைவுக்குப் பின் 1926-இல் மீண்டும் உயிர்பெற்றதும் தங்கவயலில்தான்.

ஆக, "நம்ம வழக்கத்தை மாற்றுகிறாயே" என்று கேட்கும் மாமாவுக்குப் பதில் உண்டு. குடிப்பதும் இந்த ஊர் வழக்கம்தான், குடிக்காமல் பிணத்தை வழியனுப்புவதும் இந்த ஊர் வழக்கம்தான். எதை எடுத்துக்கொள்வது என்பதைத் துக்கப்பட்ட வீடு முடிவு செய்யலாம்.

சாராயம் போனது, பாட்டில் வந்தது

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. கர்நாடகத்தில் சாராய விற்பனைக்கு 2007 ஜூலை 1 முதல் தடை வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து துக்க வீட்டுக் கணக்கை மாற்றிவிட்டன. முன்பு காரியத்துக்கு வருகிறவர்கள் நாலு லைன் தள்ளிக் குடியிருந்தவர்கள். இப்போது அதிகாலை ரயில் பிடித்து பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஆம்பூரிலும் வேலூரிலும் குடியேறிய சித்தப்பாக்கள், வளைகுடா நாடுகளில் இருக்கும் மருமகன்கள். பதினாறாம் நாள் வாரநாளில் விழுந்தால் லீவு கிடைக்காது என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைப்பதும் சகஜம். அண்டாவில் வந்த சாராயத்தின் இடத்தில் கடையில் வாங்கிய விஸ்கியும் பிராந்தியும் வந்தன. செலவும் அதற்கேற்ப ஏறியது.

வருமானம் நின்றுபோன வீட்டுக்கு இது சிறிய செலவல்ல. கணவனை இழந்த பெண் பதினாறு நாள் முடிவதற்குள் கடன் வாங்குகிறாள் என்றால், அதில் ஒரு பங்கு இந்த 'மற்ற ஏற்பாட்டுக்கு'ப் போகிறது. ஆனால் பணம் மட்டுமே காரணமல்ல. இறந்தவர் குடியால் இறந்திருக்கலாம். அல்லது வீட்டில் ஒரு மகன் எட்டு மாதமாகக் குடியை நிறுத்திவைத்திருக்கலாம். அவனுக்கு மிக ஆபத்தான இடம் சாராயக் கடை அல்ல. "அப்பாவுக்காக ஒரே ஒரு மடக்கு" என்று சொந்தக்காரர் நீட்டும் டம்ளர்தான். மறுத்தால் அப்பாவை மறுத்ததாக ஆகிவிடுகிறது.

எட்டு வரி

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சாம்பியன் ரீப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகள்கள், ஒரு மகன். குடும்பக் குழுவில் அறுபது பேர். மூத்த மகளுக்கு வரும் முதல் கோபத்தில் செய்தி இப்படித்தான் வரும்: "தயவுசெய்து யாரும் குடித்துவிட்டு வந்து எங்கள் மானத்தை வாங்காதீர்கள். போன தடவை சித்தி வீட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்."

இந்தச் செய்தி தோற்றுவிடும். 'போன தடவை' யாரைக் குறிக்கிறது என்று அறுபது பேருக்கும் தெரியும். அவர் பதில் போடுவார். அவருக்கு ஆதரவாக மூன்று பேர் பதில் போடுவார்கள். மதுவைப் பற்றிய பேச்சு மறைந்து, சித்தி வீட்டுச் சண்டை மீண்டும் தொடங்கும். காரியத்தன்று அந்தக் கோபத்துக்காகவே பாட்டில் வந்து சேரும்.

அதே வீட்டிலிருந்து இப்படியும் எழுதலாம்:

"பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் லைன் வீட்டில். 12.30-க்குச் சாப்பாடு. அன்று காலை முதல் எல்லோரும் கிளம்பும்வரை வீட்டிலும் பந்தலிலும் மது பரிமாறப்போவதில்லை. படையலிலும் வைக்கப்போவதில்லை. யாரும் கொண்டுவர வேண்டாம். இது அம்மாவும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. பெரியப்பாவிடமும் மாமாவிடமும் சொல்லியிருக்கிறோம். அதற்கென்று யாரும் பணம் போட வேண்டாம். செய்ய விரும்புகிறவர்கள் சாப்பாட்டுச் செலவில் சேர்ந்துகொள்ளலாம். எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். எதுவும் கேட்பதென்றால் எனக்குப் போன் செய்யுங்கள்."

இதில் மன்னிப்பு கேட்கும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. திட்டும் வார்த்தையும் இல்லை. குடி உடம்புக்குக் கெடுதல் என்று பாடமும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் உறவுமுறை சொல்லி விளிப்பது. "குழு உறுப்பினர்களுக்கு" என்று தொடங்கினால் அது நோட்டீஸ். பெரியப்பா என்று தொடங்கினால் அது வீட்டுப் பேச்சு. அடுத்தது நேரமும் இடமும். 'எங்கள் குடும்பத்தில் இனி யாரும் குடிக்கக் கூடாது' என்று சொல்ல மகளுக்கு அதிகாரமில்லை, சொன்னாலும் நடக்காது. காலை முதல் கிளம்பும்வரை, வீடும் பந்தலும் என்று எல்லை போட்டால் அது அவர்கள் வீடு. அங்கே அவர்கள் சொல் செல்லும். எல்லை சிறியதாக இருப்பதால்தான் உறுதியாக இருக்க முடிகிறது.

'அம்மாவும் நாங்களும்' என்ற வரி அடுத்த பலம். மகள் மட்டும் சொன்னால் "பெங்களூர் போய்ப் படித்த திமிர்" என்று ஆகிவிடும். கணவனை இழந்தவள் முடிவெடுத்தாள் என்றால் அவளை எதிர்த்து அந்த வாரத்தில் பேச பெரும்பாலும் யாருக்கும் மனம் வராது. ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். அம்மாவைக் கேட்காமல் அவர் பெயரைப் போட்டால், முதல் போனிலேயே "எனக்கொன்றும் தெரியாதப்பா" என்று அம்மா சொல்லிவிடுவார். செய்தி அன்றோடு செத்துவிடும்.

குழுவுக்கு முன் இரண்டு போன்

செய்தியின் பாதி வேலை அது போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பங்காளிகளில் மூத்தவர் ஒருவர், தாய்மாமன் அல்லது சம்பந்தி ஒருவர். இந்த இருவருக்கும் நேரில் அல்லது போனில் முதலில் சொல்ல வேண்டும். மரியாதைக்காக மட்டுமல்ல. மது வாங்கித் தருவது தங்கள் கடமை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். கடமையைச் செய்யவில்லை என்ற பழி தங்கள் மேல் விழும் என்று பயப்படுவார்கள். "மாமா, நீங்கள் செய்யவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. நாங்கள்தான் வேண்டாம் என்று எழுதுகிறோம்" என்ற ஒரு வாக்கியம் அவருக்கு நிம்மதி. பல மாமாக்களுக்கு அந்தச் செலவு மிஞ்சுவதில் வருத்தமிருக்காது.

கடமையை வெறுமனே ரத்து செய்யாமல் வேறொன்றாக மாற்றிக்கொடுப்பது இன்னும் நல்லது. நூற்றிருபது பேருக்கு ஆம்பூர் முறையில் பிரியாணி என்றால் பதினைந்து கிலோ அரிசியும் அதே எடை கறியும் ஆகும். கறி மாமா வீட்டுச் செலவு என்று செய்தியில் சேர்த்துவிடலாம். மாமாவின் மரியாதை அறுபது பேர் முன்னால் எழுத்தில் இருக்கும்.

தங்கவயலுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கே வீட்டு மொழி தமிழ். ஆனால் ஆங்கில வழியிலோ கன்னட வழியிலோ படித்த இளைஞர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை வயதானவர்கள் வாசிக்கமாட்டார்கள். அதனால் எழுத்தோடு கூட ஒரு நிமிடக் குரல் பதிவையும் அனுப்புவது நல்லது. அம்மாவின் குரலில் இருந்தால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

எப்போது அனுப்புவது? குறைந்தது ஒரு வாரம் முன்பு. பாட்டில் வாங்கிவைத்த பிறகு வரும் வேண்டுகோள் வேலை செய்யாது. முந்தைய நாள் மாலை இடத்தையும் நேரத்தையும் நினைவூட்டும்போது ஒரே வரியில் மறுபடி சொன்னால் போதும். மூன்றாவது முறை சொன்னால் சந்தேகப்படுவதாக அர்த்தம்.

"அவருக்குப் பிடித்ததாச்சே"

குழுவில் பதில்கள் வரும். பெரும்பாலும் கைகூப்பிய படங்கள். ஒன்றிரண்டு கேள்விகள் மட்டும் கடினமானவை.

முதலாவது படையல். இறந்தவருக்குப் பிடித்ததைப் படத்துக்கு முன் வைப்பது வழக்கம். அவர் குடித்தவர் என்றால் ஒரு குவார்ட்டர் பாட்டிலும் வரும். "செத்தவருக்கு வைப்பதை நீ தடுக்கலாமா?" என்ற கேள்விக்குத் தர்க்கத்தால் பதில் சொல்ல முடியாது. நடைமுறையில், படையலில் வைத்த பாட்டில் அங்கேயே நிற்பதில்லை. பூஜை முடிந்ததும் பிரசாதமாகக் கைமாறுகிறது. அதிலிருந்துதான் இரண்டாவது பாட்டில் தொடங்குகிறது. எனவே இதைச் செய்தியில் தனி வரியாகச் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பிடித்த வேறு மூன்று பொருள்களை வீட்டார் முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும். கெட்டி டீ, அவர் போட்ட வெற்றிலை, சுரங்கத்தில் அணிந்த தொப்பி. படையல் நிறைந்திருந்தால் குறை தேட இடமிருக்காது.

இரண்டாவது, "நாங்கள் வெளியே போய்க் குடித்தால்?" இதற்குக் குழுவில் பதில் சொல்லாமல் போனில் சொல்வது நல்லது. "காரியம் முடிந்து கிளம்பிய பிறகு உங்கள் இஷ்டம் அண்ணா. நடுவில் போய்விட்டு வர வேண்டாம்." இவ்வளவுதான். கேட்டவருக்குக் கௌரவம் காப்பாற்றப்படுகிறது, எல்லையும் நகரவில்லை.

குழுவில் விவாதம் தொடங்கினால் மகள் இரண்டாவது செய்தி எழுதக் கூடாது. பெரியப்பா ஒரே வரி எழுதட்டும்: "வீட்டார் சொன்னபடி நடக்கும்." குழுவை நிர்வகிப்பவர் மட்டுமே எழுதும்படி பூட்டுவது கடைசி வழி. பூட்டினால் எல்லோரும் வேறு குழுவில் பேசுவார்கள்.

சிலர் சட்டத்தைத் துணைக்கு அழைப்பார்கள். மண்டபத்தில் மது பரிமாறக் கர்நாடகக் கலால் துறையிடம் அந்த நாளுக்கென உரிமம் வாங்க வேண்டும் என்பது உண்மை. மண்டபக்காரரிடம் பேச அது உதவும். சொந்தக்காரர்களிடம் உதவாது. "போலீஸ் வரும்" என்று சொன்னால், போலீஸ் வராத வழியைக் கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலையாகிவிடும்.

அந்த ஞாயிறு

லைன் வீடுகள் சிறியவை, சுவரோடு சுவர் ஒட்டியவை. நூறு பேர் வந்தால் கூட்டம் தெருவில்தான் நிற்கும். மது வருவதும் அந்த வழியாகத்தான். இரண்டு வீடு தள்ளித் திண்ணை, பின்பக்கச் சந்து, ஓரமாக நிறுத்திய ஆட்டோ. கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு அடையாளங்கள் உண்டு. சாப்பாட்டுக்கு முன்பே வறுத்த கறி ஒரு தட்டு காணாமல் போகும். தண்ணீர் டம்ளர்கள் குறையும். இளைஞர்கள் மூன்று நான்கு பேராக எழுந்து போய்ப் பத்து நிமிடத்தில் திரும்புவார்கள். குளிர்பான பாட்டிலின் நிறம் சற்றே மாறியிருக்கும்.

இதற்குக் காவல் போடுவதைவிட நேரத்தை இறுக்குவது பலன் தரும். சடங்கு முடிந்ததற்கும் பந்திக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் காலியாக இருந்தால் அது நிரம்பத்தான் செய்யும். பத்தரைக்கு டீ, பதினொன்றரைக்கு இறந்தவரோடு வேலை பார்த்த இரண்டு மூன்று பேர் பேசுவது, பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. தரைக்குக் கீழே அவரோடு 'ஷிப்ட்' இறங்கியவர்கள் பேசத் தொடங்கினால் சந்துக்குப் போக யாருக்கும் தோன்றாது. பக்கத்து இரண்டு வீட்டாரிடமும் முதல் நாளே சொல்லிவைப்பது அவசியம். அவர்கள் குடும்பக் குழுவில் இல்லை.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் குடித்துவிட்டே வருவார். அவரை வாசலில் நிறுத்தி நியாயம் கேட்பதுதான் செய்யக் கூடாத காரியம். அதற்கென்று இரண்டு மச்சான்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் படத்துக்குப் பூப் போடட்டும், உட்கார்ந்து சாப்பிடட்டும், பிறகு ஆட்டோவில் வீடு போகட்டும். செய்தி சொன்னது மது பரிமாறப்படாது என்றுதான். மனிதர்களுக்கு இடமில்லை என்று சொல்லவில்லை.

இன்னொருவரும் வருவார். குடிக்காமல் வந்திருப்பார், கை நடுங்கும், வியர்க்கும். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர், கூட்டத்துக்கு மரியாதை கொடுத்து திடீரென நிறுத்தியிருக்கலாம். இது நடிப்பல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், அதற்குப் பின் புத்தி தடுமாற்றமும் வரக்கூடும். வெளியூரிலிருந்து வந்து இரண்டு மூன்று நாள் தங்குகிறவர் என்றால் வீட்டார் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவருக்குத் தேவை கிண்டலோ, ரகசியமாக ஒரு மடக்கோ அல்ல. டாக்டர். வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

எட்டு வரிச் செய்தி யாருடைய குடியையும் நிறுத்திவிடாது. அதை அனுப்பும் பெண்களுக்கும் அது தெரியும். அவர்கள் கேட்பது ஒரு நாளின் ஆறு மணி நேரம், ஒரு வீட்டின் நாலு சுவர், ஒரு பந்தலின் நிழல். சாப்பாடு முடிந்து மாரிக்குப்பத்திலிருந்து மாலை ரயில் பிடிக்கப் போகிறவர்கள், இறந்தவரைப் பற்றி இரண்டு புதிய விஷயம் தெரிந்துகொண்டு போனால் போதும். அடுத்த வீட்டில் துக்கம் நேரும்போது, அந்தச் செய்தியை அப்படியே எடுத்து, பெயரையும் நேரத்தையும் மாற்றி, வேறொரு மகள் அனுப்புவாள்.